‘ஆயிரம்’ விடுபட்ட காசோலை

மும்பையில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையால் நிரப்பிய காசோலையை வாங்கிப் பழக்கப்பட்ட மற்றவர்களும் படிக்கலாம். எனக்குச் சேர வேண்டிய 1,48,500 ரூபாயை மூன்று மாதம் இழுத்தடித்தார் ஒருவர். பணம் இல்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் காசோலை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

2024 தீபாவளி. அலுவலகங்களுக்குப் பரிசுப் பெட்டி வழங்கும் அந்தேரி ஒப்பந்தக்காரர் ஒருவர் செம்பூரில் இருக்கும் என்னைத் தேடி வந்தார். மைசூர்பாகு, அதிரசம், முள்ளுமுறுக்கு, ரிப்பன் பக்கோடா அடங்கிய 330 பெட்டிகள், பெட்டி ஒன்றுக்கு 450 ரூபாய் என்று பேசினோம். முன்பணம் தரவில்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். பண்டிகை அவசரத்தில், மாமியாரும் நானும் இரண்டு உதவியாட்களும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றதில் அந்த நினைப்பே வரவில்லை.

நவம்பர் 11ஆம் தேதி காசோலை கைக்கு வந்தது. எண்ணில் எழுதிய தொகையைப் பார்த்தேன், சரி. கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. என் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. ‘கவிதா’வுக்கு நாம் ஆங்கிலத்தில் டி, எச் என்று இரண்டு எழுத்துப் போடுவோம், இந்த ஊரில் எச் போட மாட்டார்கள். பதினெட்டு வருடமாகப் பார்க்கிற தவறு என்பதால் பொருட்படுத்தாமல் வங்கியின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் காசோலை திரும்பியது. அதற்கான கட்டணத்தை என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். உடன் வந்த குறிப்பில் இருந்த காரணம், எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் வேறுபடுகின்றன என்பது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எண்ணில் 1,48,500 என்று தெளிவாக இருந்தது. எழுத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்: ‘ஒன் லாக் ஃபார்ட்டி எய்ட் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி’. காரணம் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. மூன்றாவது முறைதான் தெரிந்தது, ‘தௌசண்ட்’ என்ற சொல்லே அங்கே இல்லை. அந்தச் சொல்லை என் கண்ணே சேர்த்துப் படித்திருக்கிறது. ‘ஃபார்ட்டி’யில் தேவையில்லாத ஒரு ‘யு’ வேறு இருந்தது. அது வெறும் எழுத்துப் பிழை, தொகையை மாற்றவில்லை. சொல் விடுபடுவது அப்படியல்ல.

வங்கியில் போய் வாதாடினேன். 1881ஆம் ஆண்டுச் செலாவணி ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று சொல்கிறதாம். யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, அது நீதிமன்றத்துக்கு. பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்கு இந்தத் தாள் போவதே இல்லை, ஸ்கேன் செய்த படம் மட்டும்தான் போகிறது. சந்தேகம் வந்தால் அங்கிருப்பவர் திருப்பிவிடுவார். அதோடு, எழுத்தில் இருப்பது முதலில் ஒரு தொகையா, சொல்லுங்கள்” என்றார். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டு ஐந்நூறு. தொகையே இல்லைதான். விடுபட்ட சொல்லை இடையில் செருகிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். தேதியைச் சரிசெய்வதைத் தவிரக் காசோலையில் வேறெந்தத் திருத்தமும் கூடாது, பெயரோ தொகையோ மாற வேண்டுமென்றால் புதுத் தாள்தான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்றார்.

ஒப்பந்தக்காரரை அழைத்தேன். ‘பெஹன்ஜி, தவறு நடந்துவிட்டது’ என்று குழைந்தார். அந்தக் குழைவிலேயே நவம்பர் போயிற்று, டிசம்பரும் போயிற்று.

இரண்டாவது காசோலை 2025 ஜனவரி 8ஆம் தேதி வந்தது. இந்தமுறை தொகையை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தௌசண்ட் இருந்தது, என் பெயரில் எச் எழுத்தும் இருந்தது. பெருமையோடு வங்கிக்குப் போனேன். அது காலாவதியான காசோலை என்று திரும்பியது.

தேதிக்கென்று வலது மேல் மூலையில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் 0 8 0 1 2 0 2 4 என்று இருந்தது. அன்றைக்கு எழுதிய காசோலைக்கு ஒரு வருட வயது. காசோலை செல்லுபடியாகும் காலம், அதில் உள்ள தேதியிலிருந்து மூன்றே மாதம். 2012 ஏப்ரலுக்கு முன்புதான் ஆறு மாதம். நாள் சரி, மாதம் சரி என்று பார்த்த என் கண் வருடத்தைத் தானாகவே நிரப்பிக்கொண்டது. தேதியைத் திருத்தலாம் என்று விதி இருக்கிறதே, கையெழுத்துப் போட்டுத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, சூரத்தில் இருப்பதாகச் சொன்னார் ஒப்பந்தக்காரர்.

ஜனவரியில் பழைய வருடத்தை எழுதாதவர் யார்? நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தவர் எங்கள் கட்டடத்தில் மாடியில் இருக்கும் சித்தப்பா. உறவில்லை, அழைப்பதுதான் அப்படி. வங்கியின் காசோலைத் தீர்வுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காசோலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஆள் ஏமாற்றுகிறான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவன் கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்பது இதுவரை உனக்குத் தெரியாது, பார்த்தாயா?” என்று கேட்டார்.

அவர் விளக்கியபோதுதான் விஷயம் விளங்கியது. கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்பினால் அதே சட்டத்தின் 138ஆவது பிரிவு பாயும். குறிப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நாம் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்று தண்டனை இருக்கிறது. ஆனால் எழுத்தும் எண்ணும் வேறுபடுகிறது, காலம் கடந்தது என்று திரும்பினால் அந்தப் பிடி கிடைப்பதில்லை. காலாவதியான தாளுக்கு 138 கிடையவே கிடையாது. வேறுபாட்டுக்கு வாதாடிப் பார்க்கலாம், வருடக்கணக்கில். சிவில் வழக்கு என்ற நீண்ட வழி மட்டும் மிஞ்சும். அதாவது பணமில்லாத காசோலை கொடுத்தவன் மாட்டிக்கொள்வான், தப்பாக நிரப்பிய காசோலை கொடுத்தவன் ‘தவறு நடந்துவிட்டது, பெஹன்ஜி’ என்று சொல்லிவிட்டுச் சூரத் போய்விடுவான்.

மூன்றாவது காசோலையை நேரில் போய் வாங்கு, அவன் மேசையிலேயே உட்கார்ந்து படி என்றார் சித்தப்பா. எப்படிப் படிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். வாக்கியமாகப் படிக்கக் கூடாது. தொகையை ‘ஒன்லி’யில் தொடங்கி வலமிருந்து இடமாக, சொல்லுக்கு ஒரு விரல் வைத்துப் படிக்க வேண்டும். அப்போது ஹண்ட்ரட், ஃபைவ், தௌசண்ட் என்று ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், விட்டுப்போனதை வாய் இட்டு நிரப்ப முடியாது. தேதிக் கட்டங்களை வருடத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் பெயருக்குப் பின்னால் என் கணக்கு எண்ணையும் எழுதச் சொல் என்றார். அப்படி எழுதிவிட்டால் அதே பெயருள்ள வேறொருவர் கணக்கில் போட வழியில்லை.

ஜனவரி 20ஆம் தேதி அந்தேரிக்குப் போனேன். என் ரசீதைப் பார்த்து அவரே நிரப்பினார். தொகை சரி, தேதி சரி. கணக்கு எண்ணின் கடைசிப் பகுதி 0040071. அவர் எழுதியிருந்தது 004071. படித்தால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. நான் படிக்கவில்லை, மூன்று மூன்றாகப் பிரித்து எண்ணினேன். ஓர் இலக்கம் குறைந்தது. “ஒரு பூஜ்யம்தானே, அதற்கு என்ன மதிப்பு?” என்று சிரித்தார். எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன். அந்தத் தாளின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுத வைத்து, வேறொரு தாளில் முழுவதையும் மறுபடி நிரப்ப வைத்தேன். அதற்குள் எனக்குத் தேநீர் ஆறிவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பும் போய்விட்டது. வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

இம்முறை பெட்டியில் போடாமல் கவுண்ட்டரில் கொடுத்து, ரசீதில் முத்திரை வாங்கினேன். 22ஆம் தேதி திரும்பியது. காரணம்: கணக்கில் போதிய நிதி இல்லை.

காசோலை திரும்பியதற்கு மகிழ்ச்சி அடைந்த பெண் மும்பையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாட்டுங்காவில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவர் 29ஆம் தேதி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். பிப்ரவரி 1ஆம் தேதி அது ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 13ஆம் தேதி மதியம், பருப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தபோது, 1,48,500 ரூபாய் என் கணக்கில் வந்து விழுந்தது. இரண்டு பிழைக் காசோலைகளுக்கும் மூன்றாவதற்கும் நான் கட்டிய கட்டணம் வரவில்லை, வழக்கறிஞர் கட்டணமும் என்னுடையதுதான்.

அவர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. மூன்று முறை மூன்று வெவ்வேறு இடத்தில் கை தவறும் மனிதர்களும் இருக்கலாம்.

‘தௌசண்ட்’ இல்லாத அந்த முதல் காசோலை என்னிடமே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீட்டி, என்ன பிழை என்று கேட்பதுண்டு. தணிக்கையாளர் ஒருவர்கூடத் தடங்கல் இல்லாமல் ‘தௌசண்ட்’ சேர்த்தே படித்தார். உடனே கண்டுபிடித்தது எதிர் வீட்டு இரண்டாம் வகுப்புப் பையன். அவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்.