ஆவித் துணை: வார இறுதி வகுப்பா, சோரா பெண்ணின் கல்யாணமா?

கண்ணை மூடிப் படுத்து, மேளச் சத்தத்தோடு கீழுலகம் போய் ஒரு ஆவித் துணையைத் தேடும் வகுப்பில் இரண்டு முறை சேர்ந்தேன். இடையில் தெற்கு ஒடிசாவின் சோரா பழங்குடி மக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வகுப்புக்குப் போகவில்லை. சோரா பக்கம் எனக்கு ஏட்டறிவுதான், அவர்களுடைய சடங்கில் உட்கார்ந்ததில்லை.

வகுப்பு எளிது. அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர் பல பழங்குடிகளிடம் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் எடுத்துப் பரப்பிய முறை அது. மேளத்தில் நிமிடத்துக்கு 200க்குச் சற்று மேல் அடி விழும். ஒரு பொந்து வழியே இறங்கினால் துணையாக ஒரு மிருகம் வரும், தாளம் மாறினால் திரும்பிவிட வேண்டும். யாரும் செய்யலாம் என்பதில் இதற்கே வெற்றி. எனக்கு வந்தது மிருகமா, கற்பனையா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

சோராவில் இறங்குகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். காலை நீட்டி உட்கார்ந்து பாடுவாள். அவள் உயிர் கீழே போனதும் தலை தொங்கும், கை கால் விறைத்துப்போகும். பக்கத்தில் இருப்பவர்கள் முழங்காலையும் விரல்களையும் மடக்கி விடுவார்கள். அப்புறம் அந்த வாயால் பேசுவது செத்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் தான் எப்படிச் செத்தேன் என்று புலம்புவார், படையலில் தன் பங்கைக் கேட்பார், கள்ளைக் குடிப்பார். உறவினர்கள் அழுதபடியே எதிர்வாதம் செய்வார்கள். ஆக, அவள் போவது தனக்காக இல்லை. அவள் இடத்தைக் காலி செய்தால்தான் செத்தவர்கள் மேலே வர முடியும்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. அவளுக்குத் துணை வருகிற ஆவி, இல்டா, அவள் கணவன். சிறுமியாக இருக்கும்போதே கனவில் வந்து பெண் கேட்பான், அதுவும் ராஜா மாதிரி உயர்சாதிக்காரனாக. மறுத்தால் நோய் வரும். சம்மதித்தால் கீழே ஒரு குடும்பம், பிள்ளைகள் எல்லாம் உண்டு. மேலே அவளுக்கு மனிதக் கணவனும் இருக்கலாம். இல்டாக்கள் வந்து தங்க வீட்டுச் சுவரில் ஓவியம் வரைய வேண்டும், படையல் வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள். பொறுப்பு பெரும்பாலும் அத்தையிடமிருந்து மருமகளுக்கு, அதாவது அண்ணன் தம்பி மகளுக்கு, வருகிறது. கட்டிக்கொள்கிறவனும் அத்தைக்குக் கீழே பிறந்த பிள்ளையாக இருப்பான். மாமியார் வீட்டு உறவு எப்படி முறிக்க முடியாதோ, அப்படி.

என் மிருகத்தை நான் ஒரே மாதத்தில் மறந்துவிட்டேன். அது கோபித்துக்கொள்ளவும் இல்லை, என் வீட்டில் யாருக்கும் காய்ச்சலும் வரவில்லை. துணை என்று சொல்லிக்கொள்ள அது போதுமா?

சோராவின் சங்கடமும் இதிலேயே இருக்கிறது. இளைய தலைமுறையில் பலர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள், இல்டாவைக் கட்டிக்கொள்ளப் பெண்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைசிக் கிழவியும் போய்விட்டால், அந்த ஊரில் செத்தவர்கள் பேச ஒரு வாய் இருக்காது.