ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும்: 70 சதவீத விதியா, வீட்டுச் செலவுக் கணக்கா?

ஓய்வுபெற்றபின் இறுதிச் சம்பளத்தில் 70 முதல் 80 சதவீதம் மாதந்தோறும் கிடைத்தால் பழைய வாழ்க்கைத் தரம் குறையாது என்பது பொதுவான விதி. மற்றைய வழி, சம்பளத்தை விட்டு வீட்டுச் செலவிலிருந்து தொடங்குவது. மட்டக்களப்பில் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் ஓய்வை நெருங்கும் நான் இரண்டாவதையே தெரிந்தெடுத்தேன். நாற்பது வயதுக்காரருக்கு எதிர்காலச் செலவு தெரியாது என்பதால், அவருக்கு முதல் விதியே போதும்.

களுவாஞ்சிக்குடியில் சொந்த வீட்டிலிருந்து நகருக்கு வேலைக்கு வரும் ஒருவரின் இறுதிச் சம்பளம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம், அதாவது 9,600 ரூபாய், ஓய்வோடு நிற்கும். வீட்டுக்கடன் தவணை 18,000, பெற்றோலும் மதியச் சாப்பாடும் 14,000 ஆகியனவும் நிற்கும். அரச வைத்தியசாலை கிளினிக் இலவசமென்றாலும், வெளியில் வாங்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் 8,000 கூட்டினால் தேவை 86,400 ரூபாய், அதாவது 72 சதவீதம். அதே சம்பளத்தில், கடனில்லாமல், வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் படிக்கவைப்பவருக்கு அந்தத் தவணைக் கழிவு இல்லை. அவருக்கு 87 சதவீதம் வேண்டும். எண்பது வயதில் மருந்துச் செலவு எங்கே நிற்கும் என்பதில் என் கணிப்பு உறுதியானதல்ல.

ஆனால் தேவையைக் கண்டபின் அதைச் சதவீதமாக்குவது அவசியம், ஏனெனில் சேமிப்பு எத்தனை வருடம் தாங்கும் என்று அப்போதுதான் தெரியும். சேமலாப நிதிக்கு இருதரப்பும் செலுத்துவது சம்பளத்தில் 20 சதவீதம். நிதியின் வட்டியும் சம்பள உயர்வும் ஒரே வேகத்தில் சென்றால், 30 வருடத்தில் அது 72 மாதச் சம்பளமாகும். தொழில்தருநரின் 3 சதவீத நம்பிக்கை நிதியம் ஏறக்குறைய 11 மாதமும், வருடத்துக்கு அரை மாதமாகக் கிடைக்கும் பணிக்கொடை 15 மாதமும் சேர்ந்து மொத்தம் 98 மாதச் சம்பளம். வைப்பு வட்டி விலைவாசியோடு மட்டும் ஈடுகொடுத்தால், 60 வயதிலிருந்து இருபது வருடத்துக்கு அது தருவது 41 சதவீதம். 72 சதவீதமாக எடுத்தால் 72 வயதுக்குள் தீர்ந்துவிடும்.

இங்கேதான் முடிவு தங்கியிருக்கிறது. அரச ஊழியரின் ஓய்வூதியம் ஆயுள்வரை வரும். நமக்கோ மொத்தத் தொகைதான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டபோது, நிலையான வைப்பின் வட்டி அதற்கு ஈடாகவில்லை. ஆகவே குறையும் மாதம் 37,000 ரூபாயளவை, நெல் விலையோடு ஏறும் வயற்குத்தகை, காலத்துக்குக் காலம் கூட்டக்கூடிய கடை வாடகை போன்ற வருமானத்தால் நிரப்பவே நான் திட்டமிட்டிருக்கிறேன்.