ஓசூரில் வாடகை வீடு: ஆப்பா, புரோக்கரா, டூலெட் போர்டா?

சிப்காட்டில் வேலை கிடைத்து ஓசூருக்கு வருகிறவர்கள் முதலில் போனில்தான் வீடு தேடுகிறார்கள். போன வருடம் அரூரிலிருந்து வந்த என் அக்கா மகனும் அப்படித்தான் தேடினான். இரண்டு பேர் தங்க ஒரு பெட்ரூம் வீடு, வாடகை 9,000க்குள். அவனோடு சேர்ந்து எல்லா வழியையும் பார்த்த பிறகு, நான் ஒப்பிடுவது ஒன்றைத்தான்: எந்தக் கட்டத்தில் நம் காசு கையை விட்டுப் போகிறது?

நோபுரோக்கர் ஆப்பில் ஓனரிடமே பேசலாம், கமிஷன் இல்லை. சில நம்பர்கள் இலவசமாகக் கிடைக்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பிளான் வாங்க வேண்டும். அதாவது வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே காசு போகிறது. பெங்களூரில் தேடுகிறவருக்கு அது சரி. ஓசூருக்கு வேறு சிக்கல் உண்டு. Hosur என்று அடித்தால் Hosur Road வீடுகளும் கலந்து வரும். அது பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக வரும் பெங்களூர் சாலை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். அதனால் மத்திகிரி, பாகலூர் ரோடு, மூக்கண்டப்பள்ளி என்று ஏரியா பெயரைப் போட்டு எத்தனை வீடு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்துகூட வரவில்லையென்றால் பிளான் வாங்க வேண்டாம்.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் இரண்டும் ரேட் தெரிந்துகொள்ள நல்லவை. விளம்பரம் கொடுத்தது ஓனரா, ஏஜென்டா என்று போட்டிருக்கும், ஆனால் ஓனர் என்று நம்பிக் கூப்பிட்டாலும் சில நேரம் புரோக்கர்தான் எடுப்பார். “அந்த வீடு போயிடுச்சு, வேற காட்டறேன்” என்று ஆரம்பித்தால், அந்த வீடு நம் நம்பரை வாங்குவதற்காகவே போடப்பட்டதாக இருக்கலாம்.

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் விளம்பரம் போடலாம். சின்ன ஊர் ஓனர்கள் வருவதும் அதனால்தான், போலிகள் வருவதும் அதனால்தான்.

அக்கா மகன் ஏமாந்தது இப்படி ஒரு போலி விளம்பரத்தில்தான். எந்த ஆப் என்பது இங்கே முக்கியமில்லை. ராயக்கோட்டை ரோட்டில் இரண்டு பெட்ரூம், வாடகை 7,500. அதே ரோட்டில் மற்றவர்கள் எங்களிடம் 11,000க்குக் குறையாமல் கேட்டிருந்தார்கள். போனில் பேசியவர் தான் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிவிட்டதாகவும் சொல்லி, கேன்டீன் கார்டு, ஆதார் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வீடு பார்க்க ‘கேட் பாஸ்’ என்று 2,000 கேட்டார். பையன் போட்டுவிட்டான். அடுத்து 5,000 டோக்கன் கேட்டபோதுதான் என்னிடம் சொன்னான்.

விளம்பரப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி, அதன் மேல் பெயிண்டில் RR No என்று எழுதியிருந்தது. நம் ஊரில் அது சர்வீஸ் நம்பர். RR நம்பர் என்பது கர்நாடகத்து வழக்கம். படத்தில் இருந்த வீடு ஓசூரிலேயே இல்லை. வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொன்னதும், “பழைய பணத்தைத் திருப்பித் தரேன், இந்த QR-ஐ ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்றார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு மறுநாள்தான் கூப்பிட்டான். அந்த 2,000 திரும்பவில்லை. ஏமாந்தது தெரிந்த உடனே கூப்பிட்டால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளூர் புரோக்கரை நான் ஒதுக்கமாட்டேன். பெரும்பாலும் ஒரு மாத வாடகை கேட்பார், ஆனால் வீடு முடிந்த பிறகுதான் வாங்குவார். பிளானோடு ஒப்பிட்டால் தொகை பெரிது, நமக்கு ஆபத்து குறைவு. வண்டியில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்: அரை மாதமா ஒரு மாதமா, அக்ரிமென்ட் போட்ட பிறகு தந்தால் போதுமா, 11 மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது மறுபடி கேட்பாரா? வீடு காட்டவே 300, 500 கேட்கிறவர் வேண்டாம்.

கடைசியில் எங்களுக்கு வீடு கிடைத்தது மத்திகிரியில், ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக நடந்தபோது கண்ணில் பட்ட டூலெட் போர்டில். வாடகை 8,500, கமிஷன் இல்லை. அட்வான்ஸ் 50,000 கேட்டார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் வரம்பு. அதைச் சொல்லிப் பேசி 30,000க்குக் கொண்டுவந்தோம்.

பணம் தருவதற்கு முன் கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, ஓனரின் ஆதார் மூன்றையும் வாங்கிப் பார்த்தோம். குடியிருப்பவரே ஓனர் மாதிரிப் பேசி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போகிற மோசடியும் நடக்கிறது. கரண்ட் பில்லில் வேறு பெயர் இருந்தது. கேட்டோம், இறந்துபோன அப்பாவின் பெயர் என்றார் ஓனர் அம்மா. வரி ரசீது அந்த அம்மா பெயரிலேயே இருந்தது, பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். அப்புறம்தான் அவருடைய வங்கிக் கணக்கிற்கு 30,000 அனுப்பி, அந்தத் தொகையையும் தேதியையும் அக்ரிமென்டில் எழுத வைத்தோம்.