எஸ்எல்ஏ ஷீட்: ஷரத்துக்கு ஒரு வரியா, வாக்குக்கு ஒரு வரியா?

லீஸ்டு லைன் இணைப்புக்கான எஸ்எல்ஏ, அதாவது வெண்டரோடு போட்ட சேவைத் தர ஒப்பந்தம், கையில் இருக்கிறது, அதிலிருந்து மாதாந்திரக் கண்காணிப்பு ஷீட் போட வேண்டும் என்றால் பொதுவாக இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒப்பந்தத்தின் வரிசைப்படியே ஷரத்துக்கு ஒரு வரி என்பது ஒன்று. வெண்டர் தந்த வாக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டு, அதை அளக்கத் தேவையானதையெல்லாம் அதே வரியில் வைப்பது இன்னொன்று.

முதல் விதத்தில் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் போட உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வாடகை 80,000 ரூபாய், அப்டைம் 99.5%. அதற்குக் கீழே போனால் வாடகையில் 5% கிரெடிட், 99%க்குக் கீழே போனால் 10%. ஒருநாள் அதிகாலை 2:10க்கு லைன் விழுகிறது. 6:30க்கு டிக்கெட் போடுகிறார்கள், 8:40க்கு லைன் வருகிறது.

30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அதில் 216 நிமிடம்வரை லைன் விழலாம். லைன் விழுந்த நேரத்திலிருந்து எண்ணினால் 390 நிமிடம். 4,000 ரூபாய் கிரெடிட் வர வேண்டும். டிக்கெட் போட்டதிலிருந்து எண்ணினால் 130 நிமிடம்தான். ஒரு பைசா கிடையாது. எதிலிருந்து எண்ணுவது என்பது ஒப்பந்தத்தின் தொடக்கத்தில், விளக்கங்கள் பகுதியில் இருக்கும். 99.5% நடுவில் இருக்கும், கிரெடிட் விகிதம் கடைசி இணைப்பில். ஷரத்து வரிசையில் போட்ட ஷீட்டில் இந்த மூன்றும் மூன்று மூலையில் கிடக்கும், பார்க்கிறவர் 99.5%ஐ மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அதனால் மாதா மாதம் பார்க்க இரண்டாவது விதம்தான் சரி. ஒரே வரியில் இலக்கு, எண்ணத் தொடங்கும் நேரம், விலக்குகள், கிரெடிட் விகிதம், கோரக் கடைசி நாள், ஷரத்து எண். விலக்குகளை நிபந்தனையோடு எழுத வேண்டும். ‘திட்டமிட்ட பராமரிப்பு’ என்று மட்டும் போட்டால் போதாது. ஐந்து நாள் முன்னறிவிப்பு இருந்தால்தான் விலக்கு என்று ஒப்பந்தம் சொன்னால், இரண்டு நாள் முன்பு சொல்லிச் செய்த வேலை டவுன்டைம்தான்.

அப்புறம், ஒப்பிடுவதை நிமிடத்தில் செய்யுங்கள். 218 நிமிடம் விழுந்தால் அப்டைம் 99.495%. ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் ஷீட்டில் 99.5% என்று தெரியும், கிரெடிட் போய்விடும். B2இல் மாதத்தின் நாட்கள், C2இல் கணக்கில் சேரும் டவுன்டைம் நிமிடங்கள் என்று வைத்தால்:

```
=IF(C2>B2*14.4,10%,IF(C2>B2*7.2,5%,0))
```

ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் 0.5% என்பது 7.2, 1% என்பது 14.4. 28 நாள் பிப்ரவரியில் வரம்பு 201.6 நிமிடமாகத் தானே இறங்கிவிடும்.

இரண்டாவது விதத்துக்கும் ஒரு குறை உண்டு. ‘ஐந்து வேலை நாளில் காரண அறிக்கை தரப்படும்’ மாதிரி சதவீதம் இல்லாத வாக்குகள் இதில் எளிதாக நழுவும். அதனால் ஷரத்து வரிசைப் பட்டியலை ஒரே ஒரு தடவை போட்டு, ஒவ்வொரு ஷரத்து எண்ணும் ஷீட்டில் எங்கே வந்திருக்கிறது என்று டிக் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் திருத்தம் வந்தால் மட்டும் அதை மறுபடி திறந்தால் போதும்.