திங்கட்கிழமை திரும்பி வரும் பாவாடை தாவணி: மூன்று ரிட்டர்ன் முறைகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சுடிதார், குர்த்தி, தைத்துத் தயாராக வரும் பாவாடை தாவணி, கொஞ்சம் ஆரணிப் பட்டு. கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் மூன்று விதமான ரிட்டர்ன் முறைகளையும் வைத்துப் பார்த்துவிட்டேன். முதலில் "விற்றது வாபஸ் இல்லை". அப்புறம் "ஏழு நாளில் முழுப் பணம்". இப்போது, துணியில் வெளியே தெரிகிற இடத்தில் நம்பர் போட்ட டேக். இந்தக் கடைசி முறையில் மூன்று வருஷமாக நிற்கிறேன், அதனால் அதன் பக்கம்தான் பேசுவேன்.

முதல் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்டுப் பார்க்க அறையும், நாள் முழுக்கக் கூட்டமும் இருக்கிற பஜார் கடைக்கு அந்தப் போர்டு பொருந்தலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு யாருக்காவது எடுக்கிறவர்கள். ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு, குடியாத்தத்தில் இருக்கும் நாத்தனாருக்கு. அளவு சரியாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு துணியைத் தடவிப் பார்ப்பார்கள், போர்டைப் பார்ப்பார்கள், மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொன்று, போர்டு மாட்டிவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறித்திருந்தால் அதற்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்று கொண்டுவருவதற்கு இது பொருந்தாது. கிழிசலுக்கும் சாயம் போவதற்கும் பொருந்தும்.

இரண்டாவது முறைக்கு மாறியதும் விற்பனை நன்றாகவே ஏறியது. தயங்கியவர்களெல்லாம் எடுத்துப் போனார்கள். அந்த வைகாசியில்தான் எனக்குப் புத்தி வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு அம்மா 3,200 ரூபாய்க்கு அரக்கு நிறப் பாவாடை தாவணி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். திங்கட்கிழமை காலை அதே கவரில், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. "பொண்ணுக்குக் கலர் பிடிக்கலம்மா, ஒரு தடவைகூடப் போடல" என்றார். டேக் ரவிக்கையின் கழுத்துக்கு உள்ளே அப்படியே இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஸ்டீம் அயர்ன் வைத்ததும் உண்மை கிளம்பியது. துணி சும்மா இருக்கும்போது தெரியாத வியர்வை வாடை, ஆவி பட்டதும் பவுடர் வாசனையோடு சேர்ந்து மேலே வரும். கத்திரி வெயிலில் வேலூர்க் கல்யாண மண்டபத்தில் அரை நாள் நின்ற ரவிக்கையை எந்தக் கவரும் மறைக்காது. பிறகு உட்கார்ந்து தேடினேன். அக்குளில் வெள்ளையாக ஒரு கோடு. தாவணியில் தோள்பட்டை வரும் இடத்தில் சேஃப்டி பின் குத்திய இரண்டு ஓட்டைகள். பாவாடை ஓரத்தின் உள்மடிப்பில் சாம்பல் நிறத் தூசி. கொசுவத்தை உதறியபோது மஞ்சள் தடவிய அரிசி ஒன்று கீழே விழுந்தது. அட்சதை! எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

கணக்கைப் பாருங்கள். எனக்கு அடக்க விலை 2,100. விற்றிருந்தால் லாபம் 1,100. டிரை வாஷுக்கு 250 கொடுத்தேன். வாடை போனது, பின் ஓட்டையும் அக்குள் கறையும் போகவில்லை. வைகாசியும் ஆனியும் ரேக்கிலேயே கழிந்து, ஆடித் தள்ளுபடியில் குறையைச் சொல்லியே 1,900-க்கு விற்றேன். கையிலிருந்து 450 நஷ்டம். அதாவது இன்னொரு பாவாடை தாவணி விற்றுச் சம்பாதிப்பதில் கிட்டத்தட்ட பாதி இதற்கே போனது.

எந்த முறை நல்லது என்பதற்கு எனக்கு இப்போது ஒரே கேள்விதான். திரும்பி வந்த துணியை அன்றைக்கே முழு விலைக்கு மறுபடி ரேக்கில் மாட்ட முடியுமா? அளவு சரியில்லை என்று வரும் குர்த்தியைப் பத்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம். அந்த ரிட்டர்னால் எனக்கு எந்தச் சேதமும் இல்லை, சொல்லப் போனால் அதே ஆள் வேறு அளவில் ஒன்று எடுத்துக்கொண்டு போவார். உடுத்திவிட்டு வருவது ஒன்று வந்தாலும் மேலே சொன்ன கணக்குதான். ஆக, நான் தடுக்க வேண்டியது ரிட்டர்னை அல்ல, உடுத்துவதை.

இது புரிவதற்கு முன் நானும் எல்லோரையும் போல நாளைக் குறைத்துப் பார்த்தேன். ஏழு நாளை மூன்றாக்கினேன். உடுத்துகிறவருக்கு ஒரு நாள் போதும். வெள்ளிக்கிழமை எடுத்தால் திங்கட்கிழமை மூன்று நாளுக்குள்தான் வருகிறது! மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? ஆம்பூரில் இருக்கும் அக்காவுக்கு எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டுபோய்க் காட்ட முடிந்தவர். நியாயமானவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மண்டபத்துக்குப் போய்வந்த துணியை வாங்கி வைத்தேன். இப்போது பத்து நாள் கொடுக்கிறேன். நாளைக் கூட்டியதால் உடுத்திய துணி அதிகமாக வரவில்லை.

இனி டேக். விலை டேக் கழுத்துக்குள்ளேயோ அக்குள் தையலிலேயோ இருந்தால் உடுத்துகிறவருக்கு அது ஒரு தடையே இல்லை, உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடலாம். அதனால் தனியாக இன்னொரு டேக் போடுகிறேன். உள்ளங்கையில் பாதி அளவு, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். வீட்டில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்க அது இடைஞ்சல் இல்லை. அதோடு மண்டபத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

எங்கே மாட்டுவது என்பதில் நிறையத் தப்பு செய்தேன். முதலில் முன்கழுத்தில் மாட்டினேன். சுடிதாருக்குத் துப்பட்டா போட்டு மறைத்துக்கொண்டு ஒரு பெண் கல்லூரி விழாவுக்கே போய்வந்துவிட்டாள், அவள் தோழி சொல்லித்தான் தெரியும். இப்போது குர்த்திக்கும் சுடிதாருக்கும் கை ஓரத் தையலில். துணியில் குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், தையல் இடுக்கில்தான் நுழைக்க வேண்டும். பட்டுப் புடவையில் எங்குமே குத்தக் கூடாது, முந்தானைக் குஞ்சத்தின் முடிச்சுக்குள் நூலை விட்டுக் கட்டிவிடுகிறேன். புடவையில் ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டாலோ ஃபால்ஸ் தைத்துவிட்டாலோ எந்த டேக் இருந்தும் பயனில்லை. இதை விற்கும்போதே வாயால் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, டேக் அடிக்கும் துப்பாக்கி எங்கும் சல்லிசாகக் கிடைக்கிறது. சாதா பிளாஸ்டிக் நாரில் மாட்டினால் அறுத்துவிட்டு வீட்டிலேயே மறுபடி அடித்துவிடலாம். அதனால் ஒருமுறை பூட்டினால் அறுக்காமல் கழற்ற முடியாத, நம்பர் அச்சடித்த பூட்டு நாரை வாங்குகிறேன். அந்த நம்பரை பில்லில் எழுதிவிடுவேன். ஒன்றுக்கு இரண்டு ரூபாய்க்குள் ஆகிறது. குறைந்த விலைக் குர்த்திக்குப் போடுவதில்லை, ஆயிரத்துக்கு மேல் உள்ளதற்கு மட்டும்தான்.

என் பில்லின் பின்பக்கம் இப்போது இருப்பது இதுதான்: ஆரஞ்சு டேக் அறுபடாமல் பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம், அல்லது அதே தொகைக்குப் பிறகு வேறு துணி எடுக்க ஆறு மாதம் செல்லும் கடை ரசீது வாங்கிக்கொள்ளலாம், மூன்று நாளுக்குள் வந்தால் பணமாகவே தரப்படும், துணியில் குறை இருந்தால் டேக் இல்லாவிட்டாலும் 30 நாளுக்குள் முழுப் பணம்.

கடைசி வரியை எழுத எனக்கு மனசே வரவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இந்த முறை நியாயமானது இல்லை. சாயம் போகிறதா, தையல் ஓரத்தில் நூல் நகர்ந்து இடைவெளி விடுகிறதா என்பதெல்லாம் ஒருமுறை உடுத்தினால்தானே தெரியும்? குறை என்று வந்தால் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்க்கிறேன். ஈர வெள்ளைத் துணியால் உள்பக்கம் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். தையலை இரண்டு பக்கமும் லேசாக இழுத்தால் நூல் நகர்வது தெரியும். இருந்தால் பணம் கொடுத்துவிட்டு, எனக்குக் கொடுத்தவரிடம் கேட்பது என் பாடு. படம் பார்த்து ஆர்டர் போடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதனால் படத்தில் நிறம் ஏமாற்றினால் அதையும் குறையாகவே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் "உடுத்தினீங்களா?" என்று கேட்டாலே சண்டைதான், பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? இப்போது, "டேக் இல்லையேக்கா, மாத்த முடியாதே" என்றால் முடிந்தது. "குழந்தை இழுத்துடுச்சு" என்பார்கள். இருக்கலாம். அப்படிச் சொன்னவர் பழைய வாடிக்கையாளராக இருந்தால் ஒரே ஒரு தடவை ரசீது கொடுத்து, பில் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். இரண்டாவது புள்ளி வைக்க வேண்டிவந்தது இதுவரை ஒருவருக்குத்தான்.

குழந்தைகள் துணிக்கு இது ஒத்துவரவில்லை. போட்டுப் பார்க்கும்போதே பிய்த்துவிடுகிறார்கள், அதனால் டேக் போடுவதை விட்டுவிட்டேன். ஆண்கள் சட்டை நான் விற்பதில்லை. கூரியரில் போவது மாதத்துக்கு ஏழெட்டுப் பொட்டலம்தான். திரும்ப அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதில் நானே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்குக் குறை என்றால் நான், அளவு என்றால் அவர்கள்.

அந்த அட்சதை அம்மா போன மார்கழியில் வந்தார். ஆரஞ்சு டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஒரு நாளைக்கு வாடகைக்குத் தருவியாம்மா?" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. அன்றிரவு யோசித்தால் கேள்வியில் தப்பே இல்லை. உடுத்தித் திரும்பி வந்த பழைய பாவாடை தாவணி இன்னொன்று உள்ளே கிடந்தது. அதை 500 ரூபாய் வாடகை, 1,500 முன்பணம் என்று தை முகூர்த்தத்துக்கு அவரிடமே கொடுத்தேன். மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாவதாக ஒருவர் எடுத்துப் போய் ஓரத்தைக் கிழித்துவிட்டார், தைக்க 80 ரூபாய் முன்பணத்தில் பிடித்தேன். இரண்டே தடவை போய்வந்ததை வைத்து வாடகையை நான்காவது முறை என்று இந்த ஒப்பீட்டில் சேர்க்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த வைகாசி வரட்டும்.