ரத்தான ஆர்டரும் திரும்பி வந்த பணமும்: ஐந்து ஆண்டுக் குறிப்பேட்டிலிருந்து

2020-இல் எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி இணையக் கடைகளிலிருந்து வரத் தொடங்கியபோது, ரத்தாகும் ஆர்டர்களுக்கென்று தனியாக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்தேன். இன்றும் அதே நோட்டுத்தான். ஒவ்வொரு ரத்துக்கும் ஒரு வரி. ஆர்டர் பக்கம் சொல்லும் தொகையும் தேதியும் இடப்பக்கம், வங்கிக் கணக்கிலோ கார்டிலோ உண்மையில் வரவான தொகையும் தேதியும் வலப்பக்கம். இரண்டும் பொருந்தினால்தான் அந்த வரியை அடிப்பேன்.

முதல் ஆண்டில் பல வரிகள் அடிபடாமலே கிடந்தன. பணம் வராததால் அல்ல. வந்த பணத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

ஆர்டர் பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘பணம் திருப்பி அளிக்கப்பட்டது’ என்று வந்துவிட்டால், பணம் நம் கணக்கை அடைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தப் பச்சை எழுத்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கடை தன் பங்கைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கட்டளை பணப் பரிமாற்ற நிறுவனத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து கடையின் வங்கிக்கு, பிறகு கார்டு வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கு. பயணத்தின் முதல் அடியிலேயே ஆர்டர் பக்கத்தின் பார்வை நின்றுவிடுகிறது. அதனால்தான் பக்கத்தில் இருக்கும் தேதியையும் தொகையையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கில் தேடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

2025 ஜூனில் நடந்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். ஒரே ஆர்டரில் மூன்று பொருள்கள்: 2,349 ரூபாய்க்குக் குக்கர், 1,180 ரூபாய்க்கு எவர்சில்வர் டப்பாக்கள், 640 ரூபாய்க்கு மிக்சி ஜார். மொத்தம் 4,169. கூப்பனில் 300 ரூபாய் தள்ளுபடி போக 3,869. அதில் 500 ரூபாயைக் கிஃப்ட் கார்டு இருப்பிலிருந்தும், மீதி 3,369 ரூபாயைக் கிரெடிட் கார்டிலும் கட்டினேன். டப்பாக்கள் மட்டும் வரவே இல்லை. ஜூன் 10 அன்று அந்தப் பொருளை ரத்து செய்தேன். அன்று மாலையே பக்கம் பச்சையானது.

அடுத்த நாள்களில் நான் 1,180 ரூபாயைத் தேடியிருந்தால் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கூப்பன் தள்ளுபடியைக் கடை மூன்று பொருள்களுக்கும் விலை விகிதப்படி பிரித்திருந்தது. டப்பாக்களின் பங்கு 84.91. அதைக் கழித்தால் திரும்ப வேண்டியது 1,095.09. அந்தத் தொகையும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. நான் பணம் கட்டிய அதே விகிதத்தில் பிரிந்து, 141.52 கிஃப்ட் கார்டு இருப்புக்கும் 953.57 கிரெடிட் கார்டுக்கும் போனது. 953.57 என்ற எண் ஆர்டரின் முகப்பில் எங்குமே இல்லை. விவரத்தைத் திறந்து, அதற்குள் இன்னொரு பட்டையைத் தொட்டால்தான் தெரிந்தது. எல்லாக் கடைகளும் இப்படி விகிதப்படி பிரிப்பதில்லை. சில கடைகள் முதலில் கிஃப்ட் கார்டு பகுதியை நிரப்பிவிட்டு மீதியைத்தான் கார்டுக்கு அனுப்புகின்றன. எனவே நோட்டில் நான் முதலில் எழுதுவது பொருளின் விலையை அல்ல. எந்த வழிக்கு எவ்வளவு என்ற பிரிப்பைத்தான்.

இனி தேதி. தொகை தெரிந்தும் ஜூன் 11, 12, 13 மூன்று நாளும் கார்டில் எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் உதவும் எண் வருகிறது. ஆர்டர் பக்கத்திலோ கடை அனுப்பும் மின்னஞ்சலிலோ ARN என்ற பெயரில் 23 இலக்க எண் ஒன்று இருக்கும். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வாங்கலாம். விசா, மாஸ்டர்கார்டு வழியாகப் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் கடையின் வங்கி கொடுக்கும் அடையாள எண் அது. முதல் இலக்கத்தை விட்டுவிட்டால், அடுத்த ஆறும் கடையின் வங்கியைக் குறிக்கும். எட்டாவது முதல் பதினொன்றாவது வரையிலான நான்கு இலக்கங்களில் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. ஆண்டின் கடைசி இலக்கம் ஒன்று, அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது மூன்று இலக்கம்.

எனக்கு வந்த எண்ணில் அந்த நான்கு இலக்கங்கள் 5163. அதாவது 2025-இன் 163-ஆவது நாள். மே மாத முடிவோடு 151 நாள், மேலும் 12 சேர்த்தால் ஜூன் 12. பக்கம் ஜூன் 10 அன்றே பச்சையாகிவிட்டாலும், கடையின் வங்கி அந்தப் பணத்தை அனுப்பியது ஜூன் 12 வியாழக்கிழமை. 14 இரண்டாம் சனி, 15 ஞாயிறு. 16 திங்கட்கிழமை காலையில் 953.57 வரவு வந்தது. விவரத்தில் கடையின் பெயர் இல்லை, பணப் பரிமாற்ற நிறுவனத்தின் சுருக்கப் பெயர்தான் இருந்தது. தொகையும் எண்ணும் கையில் இல்லாதிருந்தால் அந்த வரியை யாருடையதோ என்று கடந்துபோயிருப்பேன்.

இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு என் பதற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. காத்திருக்கும் நாள்களைப் பச்சை எழுத்திலிருந்து எண்ணுவதில்லை. இந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறேன்.

அதே ஆர்டரில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் கார்டின் பில் தேதி மாதம் 15. பொருள் வாங்கிய 3,369 ரூபாய் ஜூன் பில்லில் ஏறிவிட்டது. திரும்பி வந்த 953.57 ஒரே நாள் தள்ளி அடுத்த மாதக் கணக்கில் விழுந்தது. பில்லை மட்டும் பார்ப்பவருக்குப் பணம் வரவே இல்லை என்றுதான் தோன்றும். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: கெடு தேதிக்கு முன், பில் கட்டப்படாத நிலையில் வரும் திரும்பிய பணத்தை உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து, வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். என் வங்கியின் செயலியில் பில் தொகை மாறவில்லை, கீழே இருந்த ‘கட்ட வேண்டிய மீதி’ மட்டும் குறைந்திருந்தது. அதையே கட்டினேன்.

பில்லை ஏற்கெனவே கட்டிவிட்ட பிறகு பணம் திரும்பினால் கதை வேறு. அக்காவுக்கு இது நேர்ந்தது. 12,480 ரூபாய்க்கு வாங்கிய தையல் இயந்திரம் ஒரு மாதத்துக்கு மேல் வராமல் ரத்தானது. அதற்கான பில்லை அவள் முன்பே முழுதாகக் கட்டியிருந்தாள். கார்டில் 12,480 வரவு தெரிந்தது. சில நாள் கழித்து அதே தொகை பற்றாக வெளியேறியிருந்தது. “தம்பி, கொடுத்ததை மறுபடியும் பிடுங்கிக்கொண்டார்கள்” என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள். அதே 2022 விதிகள்தான் காரணம். கட்டி முடித்த தொகைக்கு எதிராக வரும் பணம், கார்டு வரம்பின் ஒரு சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வரவான ஏழு நாள்களுக்குள் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் பணம் நம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அக்காவின் வரம்பு 80,000, ஒரு சதவீதம் 800. விளம்பரம் என்று நினைத்து அந்தக் குறுஞ்செய்தியை அழித்திருக்கிறாள். சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 12,480 அங்கே பத்திரமாக இருந்தது.

எந்த வரவும் வராமலே சரியாகிவிடும் ரத்துகளும் உண்டு. கார்டில் பணம் கட்டிய அன்றே ரத்து செய்தால், பல நேரங்களில் கடை அந்தத் தொகையை இன்னும் வசூலித்திருக்காது; நம் வரம்பில் பிடித்து மட்டும் வைத்திருக்கும். அப்போது புதிதாக வரவு எதுவும் எழுதப்படாது. பழைய பற்று வரியே மறைந்துவிடும். ARN எண்ணும் இருக்காது. ஆகவே ரத்து செய்த உடனேயே கார்டின் நிலுவைப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மறைந்துபோன வரியை நிரூபிக்க வேறு வழி இல்லை.

யுபிஐ-யில் கட்டிய பணம் திரும்பும்போது 12 இலக்க எண் ஒன்று வரும். பணம் போனபோது வந்த எண் வேறு, திரும்பும்போது வரும் எண் வேறு. பழைய எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. நான் பார்த்தவற்றில் இதன் முதல் நான்கு இலக்கங்களும் ஆண்டும் நாளுமாகத்தான் இருந்திருக்கின்றன.

ரத்து செய்யும் திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே வேறு வழிக்கு மாற்றலாம் என்பது ரிசர்வ் வங்கி 2020-இல் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு வகுத்த விதி. அந்த ஒப்புதலை நம்மிடமிருந்து பெறும் இடம்தான் இந்தத் திரை. ‘உடனே வேண்டுமானால் வாலட்டில்’ என்ற வட்டம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருப்பதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் அழுத்தினால் வங்கிக் கணக்கில் என்றென்றைக்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது.

கார்டுக்குப் பணம் வராவிட்டால் யாரிடம் போவது என்பதை அந்த ARN எண்ணே சொல்லிவிடும். எண் இல்லை என்றால் பணம் இன்னும் கடைப் பக்கத்திலிருந்து கிளம்பவில்லை; கடையைத்தான் கேட்க வேண்டும், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எண் இருந்து, அதிலுள்ள தேதி கடந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டால், அதை என் வங்கிக்கு எழுதித் தேடச் சொல்கிறேன். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று பலரும் சொல்கிறார்கள். 2019-இல் வந்த அந்த விதி, பணம் பிடிக்கப்பட்டும் பரிமாற்றம் தோல்வியடைந்தவற்றுக்கு மட்டுமே. ஆர்டர் பதிவாகி, பிறகு ரத்தானவற்றுக்கு அது பொருந்தாது.

இப்போது நோட்டில் அடிக்கப்படாமல் ஒரே ஒரு வரி இருக்கிறது. ஒரு மேசை விளக்கு, 764 ரூபாய் 20 பைசா, முழுவதும் கார்டுக்கு. பக்கம் பச்சையாகி நான்கு நாள் ஆகிறது. எண் இன்னும் வரவில்லை. நாளைக் காலை கடைக்கு எழுதுவேன்.