துணி வேறு, தையல் ஒன்று: சட்டை அடக்கவிலைக்கு எந்தக் கணக்கு முறை?

எங்கள் சிறிய சட்டை யூனிட்டில், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனியாகச் செலவு எழுதும் ஜாப் காஸ்டிங்கிலிருந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ரேட் போடும் ஆபரேஷன் காஸ்டிங்குக்கு மாறியிருக்கிறோம். மாறியதற்கான காரணம் ஒரே மாதத்தில் லைனில் ஓடிய இரண்டு பேட்ச்களில் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாகவே சொல்கிறேன்.

ஒன்று 600 பாலி காட்டன் சட்டை. துணி, பட்டன், கேன்வாஸ், லேபிள் எல்லாம் சேர்ந்து சட்டைக்கு 215 ரூபாய். இன்னொன்று 400 லினன் சட்டை. அதற்குப் பொருட்செலவு 680. கட்டிங், தையல், காஜா பட்டன், அயர்னிங் பேக்கிங் நான்கும் இரண்டுக்கும் பொது. கூலி, கரண்ட், மிஷின் ரிப்பேர், வாடகை சேர்த்து இவற்றுக்குச் சட்டைக்கு முறையே 15, 110, 10, 15, ஆக 150 ரூபாய். லினனுக்கு மட்டும் கடைசியில் வாஷிங் உண்டு, அது 20 ரூபாய்.

மொத்தச் செலவை மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் ப்ராசஸ் காஸ்டிங்கை இங்கே யோசிக்கவே வேண்டாம். மொத்தச் செலவு 5,59,000. அதை ஆயிரத்தால் வகுத்தால் எந்தச் சட்டையும் 559 ரூபாய் என்று வரும். 450க்கு விற்கிற பாலி காட்டன் நஷ்டமாகத் தெரியும். லினனை 800க்குக் கொடுத்தால் நல்ல லாபம் என்று தோன்றும். உண்மையில் லினனின் அடக்கம் 850.

ஜாப் காஸ்டிங் அப்படி ஏமாற்றாது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனி அட்டை, அதில் துணியும் ஏறும், டைலரின் நேரமும் ஏறும். சிக்கல் அந்த நேரத்தில்தான். காலர் ஏற்றும் டைலர் காலையில் பாலி காட்டன் பண்டில், மதியம் லினன், மறுபடி பாலி காட்டன் என்று மாறி மாறித் தைக்கிறார். சாயங்காலம் எதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். விலை கூடிய துணி என்ற நினைப்பில் எல்லாரும் லினனுக்கு நேரத்தைக் கூட்டியே சொன்னார்கள். அட்டைப்படி தையல் செலவு லினனுக்கு 140, பாலி காட்டனுக்கு 90 ஆனது. சட்டையின் அடக்கம் 880, 345 என்று வந்தது.

ஆபரேஷன் காஸ்டிங்கில் பொருட்செலவு அந்தந்த பேட்ச்சோடு போகும். வேலைச் செலவோ பேட்ச் எதுவானாலும் ஆபரேஷனுக்கு ஒரே ரேட். கடந்து போகாத ஆபரேஷனுக்குச் செலவும் கிடையாது. பாலி காட்டன் 365, லினன் 850. இதற்குத் தனிப் பதிவும் தேவைப்படவில்லை. பீஸ் ரேட் கூலிக்காக யார் எத்தனை பண்டில் முடித்தார் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதே எண்ணிக்கை போதும்.

ஆனால் இந்த முறை முழுக்க நிற்பது ஒரு அனுமானத்தின் மேல்: தையல் நிஜமாகவே ஒன்றுதானா? நாங்கள் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு துணியிலும் பத்துப் பத்து பீஸ் பார்த்தோம். பாலி காட்டன் சட்டைக்கு 22 நிமிடம், லினனுக்கு 22½. ஓரம் பிரிவதால் காலரிலும் கஃப்பிலும் கொஞ்சம் கை நின்றது. தையல் செலவு 110ஐ 22ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 5 ரூபாய். அரை நிமிடம் இரண்டரை ரூபாய், அதை விட்டுவிடலாம்.

அடுத்து வந்த ஆர்டரில் அப்படி விட முடியவில்லை. மூடியோடு இரண்டு பாக்கெட், தோளில் பட்டி. பார்த்தால் 27 நிமிடம், அதாவது தையல் மட்டும் 135 ரூபாய். சட்டைக்கு 110 என்றே போட்டிருந்தால் அந்த ஆர்டரின் 25 ரூபாயை மற்ற சட்டைகள் சுமந்திருக்கும். அதனால் தையலுக்கு மட்டும் சட்டைக் கணக்கை விட்டு நிமிடக் கணக்குக்கு வந்தோம். மற்ற ஆபரேஷன்களில் வித்தியாசம் சிறிதாக இருந்ததால் சட்டைக்கு இவ்வளவு என்றே போகிறது.

நிமிட ரேட்டிலும் ஒரு கவனம் வேண்டும். ஆர்டர் குறைந்த மாதத்தில் வாடகை போன்ற செலவுகள் குறையாது, தைத்த நிமிடம் குறைந்துவிடும், ரேட் ஐந்திலிருந்து ஏழுக்குப் போகும். அதை வைத்து அடுத்த ஆர்டருக்கு விலை சொன்னால் ஆர்டரே கைக்கு வராது. நாங்கள் மூன்று மாதச் சராசரியை எடுக்கிறோம். மாதக் கடைசியில் சட்டைகளின் மேல் ஏற்றிய தொகையையும் தையலுக்கு நிஜமாக ஆன செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆர்டர் நிறைந்த மாதத்திலும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு மாடலின் நிமிடம் தப்பு, மறுபடி வாட்சை எடுக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் ஒரே லைனில் சட்டை மட்டும் தைத்த அனுபவம். பேட்ச்சுக்கு இருபது முப்பது பீஸ்தான், ஒவ்வொன்றும் தனி மாடல் என்றால் ஜாப் காஸ்டிங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பாதியில் நிற்கும் சரக்குக்கும் ஆபரேஷன் காஸ்டிங் சுலபம். மாதக் கடைசியில் தைத்து முடித்து காஜாவுக்குக் காத்திருக்கும் 50 லினன் சட்டை இருந்தால், துணியும் சாமானும் 680, கட்டிங் 15, தையல் 110, ஒன்று 805 ரூபாய். அந்த 50க்கு 40,250 என்று ஸ்டாக்கில் எழுதிக்கொள்கிறோம்.